ஓநாயாக மாறியவன் செய்த கொலைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: "ஓநாய் மனிதன் கதைகளில் உருமாற்றம் ஒரு சாபம். அந்த நேரத்தில் அவனுக்குத் தன் மேல் கட்டுப்பாடே கிடையாது. அப்படியானால் அவன் செய்த கொலைக்கு அவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியுமா? பழைய கதைகளிலும் இது கட்டுப்பாட்டை இழப்பதைப் பற்றித்தான் இருந்ததா?"

பழைய கதைகள் பெரும்பாலும் அப்படி இல்லை. முழுநிலா எழும், அவன் உடல் முறுக்கும், சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுவான், காலையில் கையில் ரத்தத்தோடு எதுவும் நினைவில்லாமல் எழுந்திருப்பான் என்கிற வடிவம் 1930களிலும் 1940களிலும் ஹாலிவுட் திரைப்படங்கள் நிலைநிறுத்தியது. அதற்கு முந்தைய இரண்டாயிரம் வருடக் கதைகளில் மனிதன் ஓநாயாவது உண்டு, கொலை உண்டு, தண்டனையும் உண்டு. ஆனால் "நான் செய்யவில்லை, எனக்குள் இருந்த மிருகம் செய்தது" என்ற வாதம் மிக அரிது. அந்த வாதம் எங்கே முளைத்தது என்று தேடினால், நாம் கதைப் புத்தகத்தை விட்டு நீதிமன்றத்துக்குள் போக வேண்டியிருக்கும். நான் சட்டக் கல்லூரியில் குற்றவியல் சட்டம் பாடம் எடுப்பவன். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய வழக்குகளைப் பல வருடமாக மாணவர்களோடு சேர்ந்து வாசித்து வருகிறேன். அதனால் என் பதில் அந்தப் பக்கமாகவே சாயும்.

முதலில் கிரேக்கத்தின் ஆர்க்கேடியா மலைப்பகுதி. அங்கே வழங்கிய ஒரு நம்பிக்கையைக் கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அவருக்கே அதில் துளி நம்பிக்கை இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். ஒரு குறிப்பிட்ட குலத்தில் சீட்டுக் குலுக்கி ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவனை ஒரு ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார்கள். அவன் ஆடையைக் களைந்து ஒரு மரத்தில் தொங்கவிட்டு, நீந்தி அக்கரை சேர்ந்ததும் ஓநாயாகிவிடுவான். ஒன்பது வருடம் ஓநாய்களோடு திரிவான். அந்த ஒன்பது வருடமும் மனித இறைச்சியைத் தொடாமல் இருந்தால் அதே ஏரியை நீந்தித் திரும்பி வந்து மனிதனாகிவிடலாம். தொட்டுவிட்டால் வழி இல்லை.

கவனித்துப் பாருங்கள். உருமாறியதும் கட்டுப்பாடு போய்விடுகிறது என்று இந்தக் கதை சொல்லவில்லை. உருமாறிய பிறகுதான் கட்டுப்பாட்டுக்கான சோதனையே தொடங்குகிறது. பல்லும் பசியும் ஓநாயுடையவை. ஆனால் எதைத் தின்பது, எதைத் தின்னாமல் விடுவது என்ற முடிவு இன்னும் அவன் கையில் இருக்கிறது. கையில் இருப்பதால்தான் அந்த நிபந்தனைக்கே பொருள் வருகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரி த ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் எழுதிய 'பிஸ்க்லாவ்ரே' என்ற கதைப்பாடல் இதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போகிறது. ஓநாய் மனிதன் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பிரித்தானி பகுதியில் ஒரு பிரபு. வாரத்தில் மூன்று நாள் காணாமல் போவார். மனைவி நச்சரித்து நச்சரித்து ரகசியத்தைக் கறந்துவிடுகிறாள். காட்டில் ஒரு பழைய தேவாலயத்துக்குப் பக்கத்தில், புதர் மறைவில், உள்ளே குடைந்த ஒரு கல் இருக்கிறது. அதற்குள் ஆடையை ஒளித்துவைத்துவிட்டு அவர் ஓநாயாகிறார். அந்த ஆடை கிடைக்காவிட்டால் திரும்பி வர முடியாது. அவள் தன்னை நெடுநாளாகச் சுற்றிவந்த ஒரு வீரனை அழைத்து அந்த ஆடையைத் திருடச் சொல்கிறாள். பிரபு ஓநாயாகவே மாட்டிக்கொள்கிறார்.

ஒரு வருடம் கழித்து மன்னர் வேட்டைக்கு வருகிறார். நாய்கள் ஓநாயை மடக்குகின்றன. ஓநாய் நேரே மன்னரிடம் ஓடிப்போய், அவருடைய காலைப் பற்றி முத்தமிடுகிறது. மன்னர் அசந்துபோய் அதை அரண்மனைக்கு அழைத்துப் போகிறார். அது யாரையும் கடிப்பதில்லை, வீரர்களுக்கு நடுவில் சாதுவாகப் படுத்து உறங்குகிறது. ஆனால் ஆடையைத் திருடிய வீரன் அவைக்கு வந்ததும் பாய்ந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் பழைய மனைவியைக் கண்டதும் அவள் மூக்கைக் கடித்துப் பிடுங்கிவிடுகிறது. சுற்றி நின்றவர்கள் ஓநாயைக் கொல்லப் பாய்கிறார்கள். அப்போது ஒரு முதியவர் தடுக்கிறார். இந்த மிருகம் இத்தனை நாளில் இந்த இருவரைத் தவிர வேறு யாரையும் தொட்டதில்லை, அப்படியென்றால் இவர்கள் மேல் அதற்கு ஏதோ வஞ்சம் இருக்க வேண்டும், இந்தப் பெண்ணை விசாரியுங்கள் என்கிறார்.

சட்டம் படித்தவனுக்கு இந்த இடம் வியப்பாக இருக்கும். ஒரு மிருகத்தின் நடத்தையிலிருந்து உள்நோக்கத்தைப் படிக்கிறார் அந்த முதியவர். வன்முறை நடந்திருக்கிறது, ஆனால் அது வெறி இல்லை, ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பழிவாங்கல் என்று தீர்மானிக்கிறார். கடைசியில் ஆடை மீட்கப்படுகிறது. எல்லோர் முன்னிலையிலும் அதை ஓநாயின் முன்னால் வைக்கிறார்கள், அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மறுபடியும் அந்த முதியவர்தான் சொல்கிறார்: அவருக்கு வெட்கமாக இருக்கும், தனி அறையில் விடுங்கள். சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், மன்னரின் படுக்கையில் பிரபு மனிதராக உறங்கிக்கொண்டிருக்கிறார். ஓநாய்த் தோலுக்குள் வெட்கம், நன்றி, வஞ்சம் மூன்றும் அப்படியே இருந்திருக்கின்றன. கட்டுப்பாட்டை இழந்தது யார் என்று கேட்டால், பயத்தில் கணவரைக் காட்டில் விட்ட மனைவியைத்தான் கதை காட்டுகிறது.

இனி வழக்குகளுக்கு வருவோம். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸ், அதை ஒட்டிய பிரான்ஷ் கோந்தே, ஜெர்மன் பகுதிகள் ஆகியவற்றில் ஓநாயாக மாறிக் கொலை செய்தார்கள் என்று மனிதர்களைப் பிடித்து விசாரித்தார்கள். இந்த வழக்குகளில் 'சாபம்' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. நீதிபதிகள் தேடியது ஒப்பந்தத்தை. பிசாசோடு பேசினாயா, அவன் என்ன கொடுத்தான், களிம்பா, இடுப்புக் கச்சையா, தோலா, அதை எப்போது பூசிக்கொண்டாய் என்றுதான் கேள்விகள் போகும். காரணம் எளியது. களிம்பைத் தன் கையால் எடுத்துப் பூசியவன், அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பூசிய பிறகு அவனுக்கு நிதானம் இருந்ததா இல்லையா என்பது நீதிமன்றத்துக்குத் தேவையில்லாத விஷயம்.

டோல் நகரத்தில் 1574 ஜனவரியில் உயிரோடு எரிக்கப்பட்ட ழில் கார்னியே இதற்கு நல்ல உதாரணம். ஊருக்கு வெளியே தனியாக வாழ்ந்தவர், புதிதாகக் குடும்பம் வைத்தவர், வீட்டில் பட்டினி. காட்டில் ஒரு உருவம் வந்து களிம்பு கொடுத்தது என்று வாக்குமூலத்தில் சொன்னார். குழந்தைகளைக் கொன்று தின்றதாகவும், ஒருமுறை மனைவிக்கும் கொஞ்சம் கொண்டுபோனதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனால் குற்றப்பட்டியலைப் படித்தால் விசித்திரமான ஒன்று தெரியும். சில கொலைகளை ஓநாய் உருவில் செய்தார் என்கிறது. பட்டியலில் கடைசியாக வரும் கொலையை மனித உருவிலேயே செய்தார் என்கிறது, ஆட்கள் வந்துவிட்டதால் தின்ன முடியவில்லையாம். அதோடு, அன்று இறைச்சி விலக்கான வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் தின்னத் துணிந்தார் என்று ஒரு வரி. ஒரு சிறுவனைக் கொன்றவர் மேல் விரதத்தை முறிக்க நினைத்தார் என்ற குற்றச்சாட்டு! நீதிமன்றம் அவரைக் கடைசி வரை ஒரு கிறிஸ்தவ மனிதராகவே, விதி தெரிந்தும் மீறியவராகவே பார்த்தது என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

அப்புறம் 1603. உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வழக்கு இதுதான். போர்தோ நகரத்துக்கு வடகிழக்கே கூத்ரா வட்டாரத்தில் ழான் கிரெனியே என்ற பையன், வயது பதின்மூன்று பதினான்கு இருக்கும். அப்பாவிடமிருந்து ஓடிவந்தவன். பிச்சை எடுத்தும், கிடைத்த இடத்தில் மாடு ஆடு மேய்த்தும் திரிந்தான். ஆடு மேய்க்கும் பெண்களிடம் போய், நான் ஓநாயாக மாறுவேன், நாய்களைத் தின்றிருக்கிறேன், சின்னப் பெண்களின் இறைச்சி அதைவிட ருசி என்று அவனாகவே சொல்லிக்கொண்டு நின்றான். யாரும் அடித்துக் கேட்கவில்லை. அவனோடு ஆடு மேய்த்த மார்கரீத் புவாரியே என்ற பெண், ஒரு நாள் அவன் வராதபோது ஒரு மிருகம் தன் மேல் பாய்ந்து ஆடையைக் கிழித்தது, கையிலிருந்த தடியால் அடித்து விரட்டினேன் என்று சாட்சி சொன்னாள். ஓநாய் மாதிரி, ஆனால் குட்டையாக, பருத்து, செம்பட்டை மயிரோடு இருந்தது என்றாள். அந்தப் பையனுக்கும் செம்பட்டை முடி.

விசாரணையில் கிரெனியே சொன்ன கதை வழக்கமான வார்ப்பில் இருந்தது. ஒரு தோழன் அவனைக் காட்டுக்குள் அழைத்துப் போனான். அங்கே 'காட்டின் தலைவன்' என்ற கறுத்த மனிதன் குதிரையில் வந்தான், அடையாளம் குத்தினான், ஒரு ஓநாய்த் தோலும் களிம்பும் கொடுத்தான். இடது கட்டைவிரல் நகத்தை மட்டும் கடிக்கக்கூடாது என்று சொல்லிவைத்தான். அந்த நகம் மற்ற நகங்களைவிடத் தடித்து நீண்டிருந்ததை நீதிமன்றத்தில் பார்த்தார்கள். நிலா தேயும் நாட்களில், குறிப்பிட்ட கிழமைகளில், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம் ஓடுவேன் என்றான். முழுநிலா இல்லை, தேய்பிறை. குழந்தைகளைத் தின்றதாகச் சொன்ன இடங்களுக்குப் போய் விசாரித்தபோது, சில இடங்களில் குழந்தை தாக்கப்பட்டது உண்மை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

அப்பாவையும் அவன் இழுத்துவிட்டான். அப்பாவைப் பிடித்து எதிரே நிறுத்தியபோது பையனுடைய பேச்சு குழம்பியது, முன்னுக்குப்பின் முரணாகப் பேசினான். அப்பாவுக்குச் சித்திரவதை, பிறகு விடுதலை. கீழ் நீதிமன்றம் பையனுக்கு மரண தண்டனை விதித்தது. வழக்கு போர்தோ உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

1603 செப்டம்பர் 6 அன்று வந்த தீர்ப்பு முப்பது வருடத்துக்கு முந்தைய டோல் தீர்ப்பிலிருந்து முற்றிலும் விலகிப் போகிறது. உருமாற்றம் நடந்தது அந்தப் பையனின் குலைந்துபோன மூளைக்குள் மட்டும்தான், வெளியே எந்த ஓநாயும் இல்லை, எனவே உருமாறியதற்காக அவனைத் தண்டிக்க முடியாது என்றது. அவனுடைய புத்தி ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு இருப்பதைவிடவும் குறைவு, யாரும் அவனுக்கு நல்லது கெட்டது சொல்லி வளர்க்கவில்லை, வயதும் இளையது என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்தது. மரண தண்டனையை நீக்கி, போர்தோவில் ஒரு மடத்துக்குள் ஆயுள் முழுக்க அடைத்துவைத்து மதபோதனை கொடுக்கச் சொன்னது. தப்பித்தால் மரணம்.

இதை மனிதநேயத் தீர்ப்பு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் கதையின் பொருளே மாறுகிறது. டோல் நீதிபதிகளுக்கு ஓநாய் என்பது ஒருவன் போட்டுக்கொள்ளும் வேடம், உள்ளே மனிதன் முழுதாக இருக்கிறான். போர்தோ நீதிபதிகளுக்கு உடம்பு மாறவேயில்லை, உள்ளே இருந்தவன்தான் குலைந்துவிட்டான். ஓநாய் என்பது தன்னை இழந்த நிலைக்கு ஒரு பெயர் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்வதை, ஒரு நீதிமன்றம் தண்டனையைக் குறைப்பதற்கான காரணமாக இங்கே எழுதிவைத்தது. இவர்கள்தான் முதல் என்று நான் சொல்லவில்லை. 1598இல் ஜாக் ரூலே என்ற பிச்சைக்காரருக்கு ஆன்ஜேயில் விதித்த மரண தண்டனையை, மேல்முறையீட்டில் பாரீஸ் உயர் நீதிமன்றம் நீக்கி மனநோயாளிகளை வைக்கும் இடத்துக்கு இரண்டு வருடம் அனுப்பியது. மருத்துவர்களோ அதற்கு ஆயிரம் வருடம் முன்பிருந்தே, இரவில் கல்லறைகளுக்கு நடுவே ஓநாய் போலத் திரிபவர்களை மனச்சோர்வு நோயாளிகள் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் ஏஜினா பவுல் அதற்குக் கண்குழி, வறண்ட நாக்கு, காலில் ஆறாத புண் என்று அறிகுறிகளே கொடுத்திருக்கிறார்.

கிரெனியேவின் கதை தீர்ப்போடு முடியவில்லை. மடத்துக்குள் விட்டதும் நாலு காலில் ஓடினான், எங்கோ கிடந்த பச்சைக் குடல் குவியலைக் கண்டு விழுந்து தின்றான் என்று எழுதியிருக்கிறார்கள். 1610இல் பியேர் த லாங்க்ர் என்ற போர்தோ நீதிபதி அவனைப் போய்ப் பார்த்தார். வயதுக்கு மிகச் சிறிய உருவம், யாருடைய முகத்தையும் நேரே பார்க்க முடியாத கூச்சம், உள்வாங்கிய அலைபாயும் கண்கள், நீண்டு துருத்திய பற்கள், தேய்ந்து கறுத்த நகங்கள். முன்பு ஓநாயாக ஓடியதை மறைக்காமல் சொன்னான். பச்சை இறைச்சி மேல், அதிலும் சின்னப் பெண்களின் இறைச்சி மேல், இன்னும் ஆசை இருக்கிறது, வெளியே விட்டால் தின்றுவிடுவேன் என்றான். காட்டின் தலைவன் இரண்டு முறை இங்கேயும் வந்தான், நான் சிலுவைக்குறி போட்டு விரட்டிவிட்டேன் என்றும் சொன்னான். அடுத்த வருட வாக்கில், இருபது வயதைத் தாண்டியோ தாண்டாமலோ, அங்கேயே இறந்தான்.

ஒரே ஆள் ஒரே உரையாடலில் 'விட்டால் செய்துவிடுவேன்' என்றும் 'வந்தவனை விரட்டினேன்' என்றும் சொல்வது என்னை மிகவும் பாதிக்கும் இடம். இதை வகுப்பில் படிக்கும்போது மாணவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பாதி, ஆசையை ஒப்புக்கொள்கிறான், அப்படியென்றால் அவன் ஆபத்தானவன், மடம் சரி என்பார்கள். இன்னொரு பாதி, சிலுவைக்குறி போடும் அளவுக்குத் தன்னைத் தடுக்கத் தெரிந்தவன் கட்டுப்பாடு இல்லாதவனா என்பார்கள். என் பார்வையில் இரண்டாவது கேள்விதான் கனமானது. கட்டுப்பாடு என்பது விளக்கு அணைவது போல மொத்தமாகப் போய்விடும் என்று நாம் கதைகளில் நினைக்கிறோம். இந்தப் பையனிடம் அது பாதி இருந்தது, பாதி இல்லை. எந்தப் பாதி எப்போது மேலே வரும் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

இதில் எதை உறுதியாக நம்பலாம்? தீர்ப்பு வந்தது, மடத்தில் அடைத்தார்கள், த லாங்க்ர் பார்த்தார் என்பவை உறுதி. அவன் உண்மையில் யாரையாவது கொன்றானா என்பது சந்தேகத்துக்குரியது. அந்தக் காலத்து பிரெஞ்சுக் கிராமப்புறத்தில் ஓநாய்கள் நிஜமாகவே மனிதர்களைத் தாக்கின. பல நூற்றாண்டு ஊர்ப் பதிவேடுகளை அலசிய வரலாற்று ஆய்வாளர் ழான்-மார்க் மோரிசோ ஆயிரக்கணக்கான மரணங்களைத் தொகுத்திருக்கிறார், இறந்தவர்களில் பெரும் பங்கு மேய்ச்சலுக்குப் போன குழந்தைகள். கிரெனியே சுற்றிய ஊர்களில் குழந்தையை ஒரு மிருகம் தூக்கிய செய்தி ஏற்கெனவே பரவியிருக்கும். பசியும் அடியும் அவமானமும் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு பையன் அந்தச் செய்தியை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டான் என்று நினைப்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஓநாயாக இருந்தால் குறைந்தபட்சம் அந்தப் பெண்கள் பயப்படுவார்கள். இது என் ஊகம்தான்.

இன்னொரு எச்சரிக்கை. அவனுடைய உருவத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்கள் பெரும்பாலும் த லாங்க்ர் வழியாக வருபவை. அவர் 1609இல் பாஸ்க் பகுதியில் சூனியக்காரிகள் என்று பலரைப் பிடித்துக் கொல்லவைத்தவர், பிசாசின் சக்தியை மனதார நம்பியவர். துருத்திய பல், கறுத்த நகம் என்று அவர் எழுதும்போது, பார்த்ததை எழுதுகிறாரா, பார்க்க விரும்பியதை எழுதுகிறாரா என்று ஒவ்வொரு வரியிலும் யோசிக்க வேண்டும். மருத்துவ விளக்கங்களிலும் அதே கவனம் தேவை. வெறிநாய்க்கடிதான் ஓநாய் மனிதன் கதைக்கு மூலம் என்று அடிக்கடி சொல்வார்கள். ஆனால் வெறிநோயின் அறிகுறி தெரிந்தவர் சில நாட்களில் இறந்துவிடுவார், கிரெனியே ஏழு வருடத்துக்கு மேல் வாழ்ந்தான். முகத்தில் முடி வளரும், வெயில் பட்டால் தோல் புண்ணாகும் போர்ஃபைரியா நோயும் பொருந்தவில்லை. அவன் பகலெல்லாம் வெயிலில் மாடு மேய்த்தவன்.

சரி, இன்றைய வடிவம் எப்படி வந்தது? கடித்தால் தொற்றும், முழுநிலாவில் தானாக மாறும், வெள்ளியால்தான் சாவான் என்ற விதிகளின் துணுக்குகள் பழைய நம்பிக்கைகளில் அங்கங்கே உண்டு. அவற்றை ஒரே சட்டமாகக் கோத்தது திரைப்படம். அப்படிக் கோத்தபோது களிம்பு காணாமல் போனது, அதுதான் பெரிய மாற்றம். களிம்பு போனால் சம்மதம் போகிறது. தானாகப் பூசிக்கொண்டவன் இடத்தில், யாரோ கடித்ததால் மாட்டிக்கொண்ட நல்லவன் வருகிறான். பார்ப்பவர் அவன் மேல் இரக்கப்பட முடிகிறது. குடி, கோபம், மனநோய், காமம் என்று எதை வேண்டுமானாலும் அந்த ஓநாய் மேல் ஏற்றிப் பேச முடிவது இந்த மாற்றத்தால்தான். நீங்கள் கேள்வியில் சொன்ன சாபம் இந்தப் புதிய வடிவத்தின் சாபம்.

தான் மிருகமாக மாறிவிட்டதாக நம்பும் நோயாளிகள் இன்றும் அரிதாக வருகிறார்கள். அமெரிக்காவின் மக்லீன் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப் பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இது தனி நோய் இல்லை, வேறொரு கடும் மனநோயின் உச்சத்தில் தோன்றும் நம்பிக்கை என்பது அவர்களுடைய முடிவு. பெரும்பாலோருக்கு அடிப்படையில் இருந்தது இருதுருவ மனநோய். பெரும்பாலும் அந்த நோய்க்குச் சிகிச்சை கொடுத்ததும் இந்த நம்பிக்கையும் தணிந்திருக்கிறது. நான் மருத்துவன் இல்லை என்பதால் இதற்கு மேல் போகவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி, குற்றவாளியா இல்லையா. இந்தியச் சட்டத்தை வைத்தே பார்க்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 84) புத்தி பேதலித்தவரின் செயலைக் குற்றமாகக் கருதாது. ஆனால் அங்கே கேட்கப்படுவது கட்டுப்பாடு இருந்ததா என்று இல்லை. செய்வது இன்னதென்று தெரிந்ததா, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்று தெரிந்ததா என்பதுதான் கேள்வி. தெரிந்தும் அடக்க முடியவில்லை என்பது மட்டும் இங்கே தப்பிக்கும் வழி இல்லை. ஆக, தான் தின்பது குழந்தை என்று உணராத ஓநாய் தப்பலாம். தெரிந்தே, தாங்க முடியாமல் தின்ற ஓநாய் தப்ப முடியாது.

களிம்புக்கும் நம் சட்டத்தில் ஒரு இடம் இருக்கிறது. போதையைப் பற்றிய 23ஆம் பிரிவு, அந்தப் பொருள் அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு தருகிறது. தானாகக் குடித்தவனுக்கு அந்த விலக்கு கிடையாது. டோல் நீதிபதிகள் களிம்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டதன் தர்க்கமும் இதுவேதான். இந்த அளவுகோலில் தானே களிம்பு பூசிய கார்னியே 1574இல் மாதிரியே இன்றும் மாட்டிக்கொள்வார். கடிபட்டு மாறிய திரைப்பட ஓநாய்க்கு, மாறிய நேரத்தில் எதுவும் தெரியவில்லை என்று நிரூபித்தால் வழி உண்டு. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருக்கிறது: முதல் முழுநிலாவுக்குத்தான் அது செல்லும். அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று தெரிந்த பிறகும் தன்னைப் பூட்டிவைக்க ஏற்பாடு செய்யாமல் ஊருக்குள் இருந்தான் என்றால், மாறுவதற்கு முன்பு அவன் மனிதனாக இருந்தபோது செய்த அந்த அலட்சியத்தை வைத்தே அரசுத் தரப்பு வாதிடும்.

கிரெனியே இன்று இங்கே பிடிபட்டிருந்தால் இந்தப் பிரிவுகளுக்கே போக வேண்டியிருக்காது. பதினாறு வயதுக்குட்பட்டவன் என்பதால் 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் அவனை நிறுத்தவே முடியாது. வாரியம்தான் விசாரிக்கும், சிறப்பு இல்லத்தில் வைத்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் வைக்க முடியாது. அடிபட்ட குழந்தை, புத்தி வளர்ச்சி குறைந்தவன், வாக்குமூலத்தைத் தவிர வலுவான சாட்சி இல்லை என்று மனநல மருத்துவரின் அறிக்கையோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். ஏறக்குறைய இதே காரணங்களைத்தான் போர்தோ நீதிபதிகளும் எழுதினார்கள். எழுதிவிட்டு, ஆயுள் முழுக்க அடைத்தார்கள்.